கடைசிப் பக்கத்தில் அம்மா

கனடியக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தவர்கள் கையில் சின்னக் கொடியோடு படம் போடுவார்கள். கீழே பெரும்பாலும் "கனவு நனவானது" என்று ஒரு வரி இருக்கும். நண்பர் ஒருவர் எழுதியது வேறு: "இன்று கனடியன். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து தருவார்களாம். கடைசிப் பக்கத்தில் அம்மா பெயரும் தஞ்சாவூர் விலாசமும் அப்படியே இருக்கும்."

மகிழ்ச்சிக்கு இரண்டே சொல். போதும், கொடிதான் படத்தில் இருக்கிறதே! இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. பழையதை ஒப்படைத்தே ஆகவேண்டும். ஓசிஐ அட்டை வாங்கினால் விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோகலாம், ஓட்டுப் போட முடியாது. கனடிய பாஸ்போர்ட்டிலோ பெற்றோர் பெயருக்கு இடமே இல்லை. இதையெல்லாம் அவர் விளக்கவில்லை, ஏக்கம் என்ற சொல்லையும் தொடவில்லை. கடைசியில் ஒட்டிய அழுமூஞ்சிப் பொம்மையை மட்டும் எடுத்திருக்கலாம்.