எந்த வோல்டேஜை நம்புவது?

இணை ஃபீடர்களின் கடைக்கோடியில் நிற்கும் திசை ரிலேக்களைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டதும், எங்கே தொடங்குவது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. அந்த ரிலேக்கு ஏன் திசை வேண்டும் என்று நம் உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு லைனில் பழுது வந்தால் மற்ற லைன் வழியே கரண்ட் கடைக்கோடி பஸ்ஸுக்குப் போய், அங்கிருந்து பழுதுக்குத் திரும்புகிறது. இரண்டு லைனிலும் ஓடுவது ஒரே அளவுதான். எது பழுதான லைன் என்று பிரித்துச் சொல்வது கரண்டின் அளவு அல்ல, அது பாயும் பக்கம். பக்கத்தைக் காண ஒரு வோல்டேஜை அளவுகோலாகப் பிடிக்க வேண்டும். நம் மரபின் சண்டைகள் எல்லாம் அந்த அளவுகோலைப் பற்றியவைதான். என் வாதமும் அதைப் பற்றியதே: போலரைசிங் வோல்டேஜ் ஒரு செட்டிங் அல்ல, லோடில் கோணம் வரைந்து நிரூபிக்க வேண்டிய ஒரு கூற்று.

பள்ளிகளைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கிறேன். ஒரு காலத்தில் 30 பாகை, 60 பாகை, 90 பாகை இணைப்புகள் எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். 90 பாகை இணைப்பு வென்றதற்குக் காரணம் உண்டு. ஆர்-ஃபேஸ் கரண்டுக்கு ஒய்-பி வோல்டேஜைக் கொடுத்தால், ஆர்-ஃபேஸ் தரையில் விழுந்து அதன் சொந்த வோல்டேஜ் செத்த பிறகும் அளவுகோல் உயிரோடு இருக்கும். வென்ற வீட்டிற்குள்ளேயே இரண்டு அறைகள். சப்ளை ரிலேக்குப் பின்னால் இருக்கும் வெறும் ஃபீடருக்கு 30 பாகை போதும் என்பார்கள் ஒரு சாரார். டிரான்ஸ்ஃபார்மர் ஃபீடருக்கும், முன்பக்கம் நியூட்ரல் எர்த் செய்த இடத்துக்கும் 45 தான் தவறாது என்பார்கள் மறுசாரார். நான் 45-இன் ஆள். எங்கள் ஆசான் பல்லாவரத்து சி.டி.டி. ரிலேக்களை வைத்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்த கோணம் அது. ஆனாலும் 30-ஐப் பிடித்தவர்களோடு எனக்குப் பகையில்லை. ஏன் என்று கேட்டால் அவர்கள் வெக்டர் வரைந்து காட்டுவார்கள். வரையாதவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏ என்ற துணைமின் நிலையத்திலிருந்து பி-க்கு இரண்டு இணை ஃபீடர்கள். சப்ளை ஏ-யில் மட்டும். பி-யில் உள்ள திசை ரிலேக்கள் லைனைப் பார்த்து நிற்கின்றன. வழக்கப்படி முழு லோடில் பாதி பிளக் செட்டிங், நேரப் பெருக்கி 0.1. லோடு எப்போதும் லைனிலிருந்து பஸ்ஸுக்கு, அதாவது ரிலேயின் பார்வைக்கு எதிராக வருவதால்தான் இவ்வளவு தாழ்வான செட்டிங்கைத் துணிந்து வைக்க முடிகிறது. 90 பாகை இணைப்பில் 45 வைத்தால், ஆர்-ஃபேஸ் வோல்டேஜிலிருந்து அளக்கும்போது 45 பாகை முன்னே தொடங்கி 135 பாகை பின்னே வரை டிரிப் பக்கம். பவர் ஃபேக்டர் 0.9 லேக் என்றால் பி-க்கு வரும் லோடு, ரிலேயின் பார்வையில் 154 பாகை முன்னே நிற்கும். டிரிப் பக்கத்துக்கு வெகு தூரம். ரிலே சும்மா இருக்கிறது.

இப்போது பி.டி. வயரிங்கில் டெர்மினல் வரிசை ஒரு படி தள்ளிப்போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்-ஃபேஸ் ரிலேக்கு ஒய்-பி போக வேண்டிய இடத்தில் ஆர்-ஒய் போகிறது. மற்ற ஃபேஸ்களுக்கும் அப்படியே. டிரிப் பக்கம் மொத்தமாக 120 பாகை சுழன்று, 15 பாகை பின்னேயிலிருந்து 165 பாகை முன்னே வரை என்று ஆகிவிடும். 154 பாகையில் நிற்கும் லோடு இப்போது உள்ளே; ஆனால் ஓரத்திலிருந்து 11 பாகை மட்டுமே உள்ளே. பி-யில் கெபாசிட்டர் பேங்க் சேர்ந்து பவர் ஃபேக்டர் 0.98 ஆக இருந்தால் லோடு 168-க்குப் போய்விடும். ரிலே தடுத்து நிற்கும். கமிஷனிங் நாளன்று நல்ல பவர் ஃபேக்டரில் காண்டாக்ட் திறந்திருப்பதைப் பார்த்து "திசை சரி" என்று எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் பார்த்தது உண்மைதான். என்றாவது கெபாசிட்டர் வெளியே போய், லோடும் பாதிக்கு மேல் ஏறிய மாலையில் பி-யின் பிரேக்கர் பழுதே இல்லாமல் விழும். லைன் ரோந்துக்கு ஆள் போய் மரக்கிளையைத் தேடுவார்கள்.

அது சின்ன நஷ்டம். முதல் லைனில் மெய்யான பழுது வரும் நாளைப் பாருங்கள். பழுதுக்குப் போகும் கரண்ட் சுமார் 60 பாகை பின்னே. பி-யில் பழுதான லைனின் ரிலேக்கு அது டிரிப் பக்கத்துக்கு வெளியே. நல்ல லைனில் அதே கரண்ட் உள்ளே வருவதால் 120 பாகை முன்னே; டிரிப் பக்கத்துக்கு நன்றாகவே உள்ளே. நல்ல லைன் பி-யில் விழுகிறது, பழுதான லைன் ஏ-யில் விழுகிறது, பி இருண்டுபோகிறது. இரண்டு லைன் போட்ட செலவே வீண். லோடின்போது ரிலேக்கு வரும் வோல்டேஜ், கரண்ட் இரண்டின் கோணங்களையும் அளந்து, ஒரு தாளில் வட்டம் போட்டு டிரிப் பக்கத்தை வரைந்திருந்தால், ஒய்-பி இருக்க வேண்டிய இடத்தில் ஆர்-ஒய் இருப்பது அன்றே தெரிந்திருக்கும். காண்டாக்ட் ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லும். ஓரத்திலிருந்து எத்தனை பாகை தள்ளி நிற்கிறோம் என்பதைக் கோணம் சொல்லும்.

இன்றைய நியூமெரிக்கல் ரிலேக்கள் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. பஸ்ஸின் வாசலிலேயே மூன்று ஃபேஸும் ஒட்டிக்கொண்டால் எல்லா வோல்டேஜும் சாய்ந்துவிடும். அந்த இடத்தில் பழைய ரிலே குருடு. பழுதுக்கு முந்தைய வோல்டேஜைச் சில விநாடிகள் நினைவில் வைத்திருக்கும் புதிய ரிலே அங்கே வெற்றி பெறுகிறது. இதை மறுப்பவன் பொறியாளன் அல்ல. ஆனால் தவறான ஃபேஸை நினைவில் வைத்துக்கொண்டால் அது தவறாகவே நினைவிருக்கும். தவிர, கோணத்தின் குறியிலேயே குழப்பம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஒரு கம்பெனி போலரைசிங் வோல்டேஜிலிருந்து அளந்து +45 என்கிறது. பழுதான ஃபேஸின் சொந்த வோல்டேஜிலிருந்து அளக்கும் இன்னொரு கம்பெனியின் ரிலேயில் அதே இடம் −45. ஒரு ஃபைலிலிருந்து மறு ஃபைலுக்கு எண்ணை மட்டும் எடுத்துப் போனால் டிரிப் பக்கம் 90 பாகை சுழல்கிறது.

எர்த் ஃபால்ட்டிலும் இதே கதை. ஓப்பன் டெல்டாவிலிருந்து எடுக்கும் ரெசிடுவல் வோல்டேஜ் வர வேண்டுமானால் பி.டி. ஐந்து கால் உள்ளதாகவோ மூன்று தனித்தனி யூனிட்டாகவோ இருக்க வேண்டும். பிரைமரி நியூட்ரலும் எர்த் ஆகியிருக்க வேண்டும். மூன்று கால் பி.டி.யை வைத்துவிட்டு, மெனுவில் அந்த வோல்டேஜைத் தேர்ந்தெடுத்த இடங்கள் உண்டு. ஒரே டவரில் ஓடும் இரட்டை லைன்களில் ஜீரோ சீக்வென்ஸ் பிணைப்பு அளவுகோலையே திருப்பிவிடக்கூடும் என்பதால் நெகடிவ் சீக்வென்ஸ் வோல்டேஜ் அங்கே மேல் என்று நம் மூத்தவர்கள் வாதாடினார்கள். இன்று அந்த வாதம் நடப்பதே இல்லை; ரிலேயோடு வந்த டிஃபால்ட் எதுவோ அதுவே முடிவு.

யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. நல்ல இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவசரத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது வரும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அறுபது பக்கம், கலர் வரைபடம், செகண்டரி இன்ஜெக்ஷன் கருவி தானே அச்சடித்த "பாஸ்", கீழே மூன்று கையெழுத்து. பி.டி. டெர்மினலைக் கழற்றிவிட்டு, கருவியின் சொந்த வோல்டேஜில் செய்த சோதனை அது. வயரிங்கைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. கையால் வரைந்த ஒரு வெக்டர் அறுபது பக்கத்திலும் இல்லை. எங்கள் ஆசான் காலத்தில் அரைப் பக்கத் தாள் வரும். அதில் மூன்று கோடு இருக்கும். அந்த மூன்று கோட்டை வைத்து ஸ்டேஷனை ஒப்படைத்தார்கள். லோடு கோணம் எழுதாத ரிப்போர்ட்டை அன்று மேசையில் வைக்கவே விடமாட்டார்கள். இன்று அதில் கோணம் எழுத ஒரு கட்டமே அச்சிடுவதில்லை. சங்கத்தின் மாதிரிப் படிவத்தை அடுத்த முறை திருத்தும்போது, லோடு நாளன்று அளந்த மூன்று வோல்டேஜ், மூன்று கரண்ட் கோணங்கள், அன்றைய பவர் ஃபேக்டர், கெபாசிட்டர் உள்ளேயா வெளியேயா என்ற குறிப்பு ஆகிய இவற்றுக்கு இடம் விட வேண்டும் என்று செயற்குழுவை இந்த மலர் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.