மூன்றாம் காலத்துக்கு ப்ளூடூத் தாங்குமா?

மயிலாப்பூரில் காலை 6 மணி என்றால், கோடைக்காலக் கணக்குப்படி நியூ ஜெர்சியில் முந்தைய இரவு 8.30, கலிபோர்னியாவில் மாலை 5.30. அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைகள் பலர் விடியற்காலை 5 மணிக்கே கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். கிழக்குக் கரைப் பிள்ளைகள் முடிந்ததும் மேற்குக் கரைப் பிள்ளைகள். எழுந்திருக்கும்போது மணி 9 ஆகிவிடும். ஸ்கைப் காலத்திலேயே தொடங்கிவிட்ட வழக்கம் இது. 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு, தி. நகரிலும் அடையாறிலும் இருக்கிற மாணவர்களுக்கும் இதுவே வழியாயிற்று. பலர் இன்றும் அப்படியே தொடர்கிறார்கள்.

இந்த நான்கு மணி நேரமும் காதில் எதை மாட்டிக்கொள்வது என்பதுதான் கேள்வி. கல்லூரிப் பாடத்துக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் சொல்லும் பதில் இங்கே பொருந்தாது. சங்கீதம் ஒலிக் கருவியிடம் கேட்பதே வேறு.

தாமதத்திலிருந்து தொடங்கலாம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுகிறாள் ஒரு மாணவி. ஓர் அட்சரத்துக்கு ஒரு வினாடி என்று வைத்தால் முதல் காலத்தில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வினாடி, இரண்டாம் காலத்தில் அரை வினாடி, மூன்றாம் காலத்தில் கால் வினாடி, அதாவது 250 மில்லிவினாடி. சாதாரண ப்ளூடூத் இயர்போன் பாட்டை நல்ல தரத்தில் காதுக்குக் கொண்டுசேர்க்க 150 முதல் 250 மில்லிவினாடி வரை எடுத்துக்கொள்கிறது. ஒலியைச் சுருக்கி, பொட்டலங்களாக்கி அனுப்பி, வழியில் ஏதாவது தவறினால் மறுபடி அனுப்பிச் சேமித்து வைத்து, அப்புறம்தான் ஒலிக்க வேண்டும் என்பதால் வரும் தாமதம் அது. மூன்றாம் காலக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்வரம். வயரில் இந்தத் தாமதம் காதுக்குத் தெரியும் அளவில் இல்லவே இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. இணையத்தில் எப்படியும் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடியாதே? சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். எந்தக் கருவியும் குறைக்க முடியாத தாமதம் இதிலேயே 67 மில்லிவினாடி வந்துவிடுகிறது. கேபிள் சுற்றிப் போகும் வழி, ஜூம் ஒலியைச் சுருக்கி விரிக்கும் நேரம் எல்லாம் அதற்கு மேல். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு 25, 30 மில்லிவினாடியைத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கும். அதனால்தான் ஆன்லைன் வகுப்பில் குரு பாடி நிறுத்துகிறார், மாணவி வாங்கிப் பாடுகிறாள். அவள் பாட்டும் அவள் போடும் தாளமும் ஒன்றாகவே கிளம்பி ஒன்றாகவே போய்ச் சேர்வதால் தாமதம் தாளத்தைக் கெடுப்பதில்லை. அப்படியிருக்க ப்ளூடூத் கூடுதலாகச் சேர்க்கும் 200 மில்லிவினாடியைப் பற்றி என்ன கவலை?

கவலை திருத்தத்தில் இருக்கிறது. மாணவி நிஷாதத்தைத் தவறாகப் பிடித்த அந்த நொடியில் "நில்லு" என்று சொல்வதில்தான் சங்கீதம் சொல்லிக் கொடுப்பதே அடங்கியிருக்கிறது. பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கண்டம் தாண்டும் வகுப்பு இந்த இருப்பில் பெரும்பகுதியை முதலிலேயே செலவழித்துவிடுகிறது. மிச்சத்தை ப்ளூடூத் விழுங்கினால் குருவின் "நில்லு" போய்ச் சேர்வதற்குள் மூன்றாம் காலத்தில் மேலும் இரண்டு மூன்று ஸ்வரங்கள் ஓடியிருக்கும். எந்த இடத்தைச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. "எங்கே டீச்சர்?" என்று கேட்பாள்; அந்தக் கேள்வியும் தாமதமாகத்தான் வரும்.

தன் வீட்டில் எவ்வளவு கூடுகிறது என்பதை யாரும் அளந்து பார்க்கலாம். வகுப்பு நடக்கும்போதே இருவரும் மாறி மாறி 1, 2, 3 என்று 20 வரை, கேட்ட உடனே அடுத்த எண்ணைச் சொல்லி எண்ணுங்கள். முதலில் மாணவி வயர் இயர்போனில், பிறகு ப்ளூடூத்தில். இதில் பத்து முறை ஒலி போய்த் திரும்புகிறது. இரண்டாவது தடவை 3 வினாடி அதிகம் பிடித்தால், ஒவ்வொரு போக்குவரத்திலும் 300 மில்லிவினாடியை இயர்போன் சேர்த்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை செய்து சராசரி பார்த்தால் போதும்.

ஆனால் என் தீர்ப்பைத் தாமதம் தீர்மானிக்கவில்லை. மைக் தீர்மானிக்கிறது. வாங்குபவர்கள் அதிகம் பேசாத விஷயம் இது. ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு வழி, பேச இன்னொரு வழி. இயர்போனின் மைக்கை ஜூம் எடுத்துக்கொண்ட மறுநொடி, பெரும்பாலான லேப்டாப்களும் போன்களும் பேசும் வழிக்கு மாறிவிடுகின்றன. பேசும் வழியில் தாமதம் குறைகிறது; ஆனால் ஒலியும் ஒற்றைத் தடமாகி, குறுகிவிடுகிறது. பழைய முறையில் ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் வராது, புதிய முறையில் 8,000-க்கு மேலே வராது. அதுவரை தெளிவாகக் கேட்ட குரல், மைக்கைத் திறந்ததும் டெலிபோன் குரலாகிப்போகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இணையம் மெதுவாகிவிட்டது என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போடுபவர்கள் அதிகம்.

குறுகிய ஒலியிலும் சுருதி தெரியும். வாய்ப்பாட்டின் அடிப்படை அதிர்வுகள் எல்லாம் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். குரலின் நயம் போகும், மிருதங்கத்தின் சாப்பு மொட்டையாகும், வயலின் வில் பிசிறுகிறதா என்பது தெரியாது. இவற்றைவிடப் பெரிய கேடு பட்ஸுக்குள்ளே இருக்கும் சிப் செய்வது. மின்விசிறி, தெருச் சத்தம் முதலியவற்றை நீக்க அது ஓயாமல் வேலை செய்கிறது. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவானாலும் அதற்கு இரைச்சல்தான். தம்புராவை முதலில் விழுங்கும். பிறகு, மாணவி பஞ்சமத்தில் நின்று கார்வை கொடுக்கும்போது அந்தக் கார்வையையும் பாதியில் தேய்க்கும். மூச்சு போதவில்லை என்று குரு நினைக்கிறார். அந்தப் பெண்ணோ முழு மூச்சோடு நிற்கிறாள். ஜூமும் இதே வேலையைச் செய்கிறது என்றாலும், அதில் Original Sound for Musicians என்ற அமைப்பைப் போட்டு நிறுத்தலாம். பட்ஸுக்குள் நடப்பதைப் பெரும்பாலும் நிறுத்தவே முடியாது. மைக்கை மட்டும் லேப்டாப்பினுடையதாக மாற்றிக்கொண்டால் ஒலித் தரம் திரும்பும். கூடவே 200 மில்லிவினாடித் தாமதமும் திரும்பும். இரண்டு வழியிலும் ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது. 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ இந்தச் சிக்கலுக்கும் தீர்வு தருகிறது. ஆனால் இயர்போன், போன் இரண்டிலுமே அது இருந்தால்தான் பயன்.

பேட்டரியை நான் ப்ளூடூத்துக்கு எதிரான பெரிய வாதமாக நினைக்கவில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கு பாட்டுக் கேட்பதற்கு உரியது, பேசினால் அது குறையும் என்பது உண்மைதான். ஆனால் நெக்பேண்டில் பெரிய பேட்டரி இருப்பதால் நான்கு மணி நேரம் அதற்கு ஒன்றுமே இல்லை. பட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் காதிலும் மற்றதைப் பெட்டியில் சார்ஜிலுமாக மாற்றி மாற்றி ஓட்டலாம். குறை வேறிடத்தில். பட்ஸின் பேட்டரி மிகச் சிறியது. இரண்டு மூன்று வருடத் தினசரிப் புழக்கத்தில் தளர்ந்துவிட்டால் மாற்றித் தர ஆள் கிடைப்பது கடினம். வயரில் அறுவது பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான்; அதை ரிச்சி தெருவில் வெட்டி ஒட்டித் தருவார்கள். போனில் பாடம் எடுப்பவர்களுக்கு வயரிலும் ஒரு தொல்லை உண்டு. டைப்-சி இயர்போன் சார்ஜ் துளையை அடைத்துக்கொள்ளும். 3.5 மி.மீ. ஜாக் உள்ள போனில் சார்ஜர் செருகியபடியே பாடினால், மலிவான சார்ஜரின் 'கொர்ர்' ஓசை மைக்கில் ஏறிவிடுகிறது; சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் அந்த ஓசை பாடுகிறவரை நிஜமாகவே தடம் மாற்றும். முழு சார்ஜோடு தொடங்குவதுதான் வழி.

காதுக்கு எது இதம் என்பதில் வயரா ப்ளூடூத்தா என்பதைவிட, காதை அடைக்கிறதா இல்லையா என்பதே முக்கியம். ரப்பர் மூடி போட்டுத் துளையை அடைக்கும் ரகத்தை மாட்டிக்கொண்டு பாடிப் பாருங்கள். தன் குரல் தலைக்குள் கும்மென்று முழங்கும். கீழ் ஸ்தாயி உள்ளதைவிடக் கனமாகத் தோன்றுவதால் குரலை அடக்கிவிடுவோம். சென்னை வியர்வையில் நான்கு மணி நேரம் அடைத்த காதில் ஈரம் தங்கி அரிக்கும். பூஞ்சைக்கும் அது இடம். அடைக்காமல் காது மடலில் தொங்கும் பழைய ரகம் இந்த இரண்டுக்கும் மருந்து. அறையில் ஒலிக்கும் சுருதிப்பெட்டியும் அதில் இயல்பாகக் காதில் விழும். ஆனால் இந்த ரகத்தின் பிளாஸ்டிக் இரண்டு மணி நேரத்தில் மடலை அழுத்தும். பஞ்சு உறை போட்டால் தாங்கும். வயரை மார்பில் தொங்கவிட்டால் தாளம் போடும் கையும் கழுத்துச் சங்கிலியும் மைக்கில் உரசும். முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் ரவிக்கையிலோ சட்டைக் காலரிலோ கிளிப் போட்டுவிட வேண்டும். வயர் நீளம் போதாமல் நீட்டிப்பு வாங்குபவர்கள் ஜாக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறதா என்று எண்ணி வாங்க வேண்டும். இரண்டு வளையமுள்ளதில் ஒலி கேட்கும், மைக் வேலை செய்யாது.

பரதநாட்டியத்துக்கு மட்டும் நான் வயரைச் சொல்ல மாட்டேன். முழு உடம்பும் கேமராவில் தெரிய இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அரைமண்டியில் வயர் இழுக்கும், பட்ஸ் கழன்று விழும். லேப்டாப்பில் வயரால் இணைத்த நல்ல ஸ்பீக்கரே அதற்குச் சரி. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு போன்ற விரிவுரைப் பாடங்களுக்கு எதுவும் போதும். பதிவு செய்த வீடியோவில் ப்ளூடூத்தின் தாமதத்துக்கு ஏற்பப் படத்தையும் நிறுத்திவைத்துக் காட்டிவிடுவார்கள். மைக்கும் பெரும்பாலும் மூடியே இருக்கும். அங்கே நெக்பேண்ட் வசதியானது.

பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் காதை அடைக்காத, 3.5 மி.மீ. ஜாக் உள்ள வயர் இயர்போனை வாங்குங்கள். சில நூறு ரூபாயில் கிடைப்பதே போதும். ஒரே ஓர் இயர்போன்தான் வாங்க முடியும் என்றால் முதலில் மாணவிக்கு வாங்குங்கள். குரு தன் தவறைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வார். மாணவியின் கார்வை குருவின் காதுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.