அங்குலத்துக்கு இரண்டு சதவீதம்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெள்ளை ஆண்களின் சம்பளத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள், உயரத்தில் ஓர் அங்குலம் கூடினால் வருமானம் சராசரியாக 2 சதவீதம் அளவுக்குக் கூடுவதைக் கண்டார்கள். நெட்டையானவருக்கு மதிப்பு தரும் முதலாளியின் பாரபட்சம்தான் காரணம் என்றே முதலில் தோன்றும். ஆனால் பாரபட்சத்தை யாரும் நேரடியாக அளந்துவிட முடியாது. அதனால் ஆய்வாளர்கள் கழித்துப் பார்க்கிறார்கள். படிப்பிலோ தேர்வு மதிப்பெண்ணிலோ சமமாக இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் உயரத்தின் பங்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறார்கள். பங்கு சுருங்கினால், காரணம் பிடிபட்டது என்கிறார்கள். இந்த வழியின் பலமும் பலவீனமும் ஒரே தரவை வைத்து நடந்த ஒரு வாதத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 7, 11, 16 வயதுகளில் உயரத்தை அளந்தார்கள். வளர்ந்த பிறகு சம்பளத்தையும் கேட்டார்கள். 2004-இல் நிகோலா பெர்சிகோவும் இரு சகாக்களும் இந்தத் தரவையும் ஓர் அமெரிக்கத் தரவையும் எடுத்துக்கொண்டு நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். முப்பது வயதில் இருவருமே ஐந்தடி பத்தங்குலம். ஒருவர் பதினாறிலேயே அந்த உயரத்தைத் தொட்டவர்; மற்றவர் அப்போது வகுப்பிலேயே குள்ளம், பிறகுதான் வளர்ந்தார். முதலாளி உயரத்தைப் பார்த்துச் சம்பளம் தருகிறார் என்றால் இருவருக்கும் ஒரே சம்பளம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. பதினாறு வயது உயரத்தைக் கணக்கில் சேர்த்ததும் இப்போதைய உயரத்தின் பங்கு ஏறக்குறைய மறைந்துவிட்டது. விளையாட்டு அணிகளிலும் பள்ளிச் சங்கங்களிலும் உயரமான பையன்கள் அதிகம் சேர்கிறார்கள், அங்கே பழகும் திறனும் தன்னம்பிக்கையும் வளர்கின்றன, பிறகு அவையே சம்பளமாகின்றன என்பது அவர்கள் விளக்கம்.

காலத்தையே சாட்சியாக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. முதலாளியின் கண்ணுக்குப் படாத ஓர் உயரம் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது என்றால், வேலை கொடுப்பவரின் பாரபட்சம் என்ற எளிய கதை அங்கேயே ஆட்டம் காண்கிறது. விளையாட்டு அணிக் கதைக்கு மட்டும் அவ்வளவு வலு இல்லை. தன்னம்பிக்கை இருந்ததால் அணியில் சேர்ந்தானா, சேர்ந்ததால் தன்னம்பிக்கை வந்ததா என்பதை அந்தத் தரவு சொல்லாது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஆன் கேஸும் கிறிஸ்டினா பாக்சனும் அதே 1958 குழந்தைகளிடம் திரும்பிப் போனார்கள். 1970-இல் பிறந்த இன்னொரு தொகுதியையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த முறை கணக்கில் சேர்ந்தவை சிறுவயதில் எழுதிய அறிவுத்திறன் தேர்வுகளின் மதிப்பெண்கள். உயரத்தின் பங்கில் பெரும்பகுதி கரைந்துபோனது. கருவிலும் தொட்டிலிலும் கிடைத்த ஊட்டமும், நோயில்லாத குழந்தைப் பருவமும் எலும்பையும் மூளையையும் சேர்த்தே வளர்க்கின்றன என்பது இவர்கள் வாதம். அப்படி வளர்ந்தவர்கள் பருவ வளர்ச்சியையும் சீக்கிரம் எட்டுகிறார்கள். ஆக, பெர்சிகோ கண்ட பதினாறு வயது உயரம், அதற்கு வெகு முன்பே நடந்துவிட்ட ஒன்றின் அடையாளமாக இருக்கலாம். பள்ளிக்குப் போகாத மூன்று வயதிலேயே உயரமான குழந்தைகள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்பதையும் அமெரிக்கத் தரவிலிருந்து காட்டினார்கள். மூன்று வயதில் ஏது விளையாட்டு அணி!

இந்த வாதம் முந்தையதைவிட வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஓட்டை உண்டு. வயதுக்கு மீறி உயரமான குழந்தையைப் பெரியவர்கள் பெரிய பிள்ளையாகவே நடத்துவார்கள், அதனோடு கூடுதலாகப் பேசுவார்கள். மதிப்பெண்ணில் அதன் சாயலும் இருக்கலாம். அப்படியானால் மதிப்பெண்ணைக் கழிக்கும்போது பாரபட்சத்தின் ஒரு பகுதியையும் சேர்த்தே கழித்துவிடுகிறோம். இரண்டு ஆய்வுகளுமே தாங்கள் தேடிப்போன அளவையில்தான் விடையைக் கண்டன என்பதும் தற்செயல் அல்ல. எதை அளந்து வைத்திருக்கிறோமோ அதுதான் உயரத்தின் பங்கை விழுங்கும். அளக்காததற்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

2014-இல் லுண்ட்போர்க் குழுவினர் ஸ்வீடனில் செய்த ஆய்வு இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. அங்கே பதினெட்டு வயது ஆண்கள் கட்டாய ராணுவத் தேர்வுக்குப் போக வேண்டியிருந்ததால், சுமார் 4,50,000 பேரின் அறிவுத்திறன், மனத்திறன், தசை வலிமை எல்லாமே பதிவாகியிருந்தன. அவர்களில் 1,50,000 பேர் சகோதரர்கள். அதனால் குடும்பச் சூழலையும் கழிக்க முடிந்தது. இத்தனையும் கழித்த பிறகும் உயரத்துக்கு ஒரு பங்கு மிஞ்சியது. அது எங்கே இருந்தது என்பதுதான் சுவையானது. ஆறடிக்காரர் ஐந்தே முக்கால் அடிக்காரரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பதால் அது வரவில்லை; மிகக் குள்ளமானவர்கள் மிகக் குறைவாகச் சம்பாதிப்பதால் வந்தது. அங்குலத்துக்கு இரண்டு சதவீதம் என்ற நேர்கோடு இதை மறைத்துவிட்டிருந்தது. குள்ளமானவர்கள் குறைந்த சம்பள வேலைகளுக்குத் தள்ளப்படுவதும் வேலைச்சந்தையின் பாரபட்சமும் காரணமாகலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதுவும் கழித்தபின் மிஞ்சியதற்கு வைத்த பெயர்தான். ஆனால் தேட வேண்டிய இடம் இப்போது சிறிதாகியிருக்கிறது: அந்தக் கடைக்கோடியில் இருப்பவர்கள் எந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் வெளியேற்றப்படுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.