மர்மக் கதையில் நோக்குநிலை: கதைசொல்லிக்கு எவ்வளவு தெரியும்?

'அவன், அவள் என்று வருவதால் இது எல்லாம் அறிந்த நோக்குநிலை.' மாணவர் விடைகளில் அடிக்கடி காணும் வரி இது. இங்கேதான் புள்ளி போகும். படர்க்கையிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லார் மனத்துக்குள்ளும் போய்வரும். மற்றொன்று, ஒரே பாத்திரத்தோடு ஒட்டி நடக்கும். அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.

நம்ம போர்ட் கிள்ளானையே களமாக வைத்துப் பார்ப்போம்.

முதல் வடிவம்: 'மாறன் கொள்கலனின் கதவைப் பூட்டினான். உள்ளே ஏதோ தட்டுவது போல் இருந்தது. சாமான் சரிந்திருக்கும் என்று எண்ணி லோரியில் ஏறினான்.'

இரண்டாம் வடிவம்: 'மாறன் கதவைப் பூட்டினான். உள்ளே, மூட்டைகளுக்குப் பின்னால், கத்தியோடு ஒருவன் பதுங்கியிருந்தான். அது தெரியாமல் மாறன் லோரியில் ஏறினான்.'

முதலாவதில் நம் கேள்வி, 'என்ன சத்தம் அது?' மாறனோடு சேர்ந்து நாமும் ஊகிக்கிறோம். இரண்டாவதில் கேள்வியே மாறிப்போச்சு: 'ஐயோ, இவனுக்கு எப்போ தெரியும்?' அங்கே புதிர் இல்லை, பதைப்புதான் இருக்கு. ஆக, தகவலை மறைத்தாலும் மர்மம் பிறக்கும், சொன்னாலும் பிறக்கும். பிறக்கும் உணர்வுதான் வேறு.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் இரண்டையும் பார்க்கலாம். கதைசொல்லி எல்லாம் அறிந்தவர். வாசகரை அழைத்துப் பேசுவார், நினைத்த இடத்துக்குக் கூட்டிப்போவார். பாண்டிய ஆபத்துதவிகளின் சதி நமக்கு முன்பே தெரியும். அதனால்தான் ஆதித்த கரிகாலன் கடம்பூருக்கு வரும்போது நமக்குப் பதைக்கிறது.

ஆனால் கொலை நடக்கும் தருணத்தில் கல்கி பார்வையைச் சுருக்குகிறார். அறை இருளாகிறது. மறைந்திருந்த வந்தியத்தேவனின் கழுத்தை யாரோ நெரிக்க, அவன் நினைவிழக்கிறான். கண் விழிக்கையில் இளவரசன் பிணம். யார் கொன்றது? வந்தியத்தேவனுக்குத் தெரியாது; நமக்கும் தெரியாது. பழி அவன்மேல் விழுவதால் அந்தப் புதிர் நெடுந்தூரம் கதையை இழுத்துச் செல்கிறது.

எல்லாம் அறிந்தவர் திடீரென்று வாய் மூடினால் வாசகர் ஏமாற்றமாக நினைக்க மாட்டாரா? நினைப்பார். வந்தியத்தேவன் மயங்கியதுதான் அந்த மௌனத்துக்குக் காரணம் தருகிறது. மாறாக, கொலையாளியின் மனத்துக்குள் நம்மை உட்கார வைத்துவிட்டு, அவர் செய்ததை மட்டும் மறைத்தால் அது உத்தி அல்ல, ஏய்ப்பு.

தேர்வில் இப்படிச் சோதித்துப் பாருங்க: இந்த வரியில் உள்ளதை அந்தப் பாத்திரம் அறிந்திருக்க முடியுமா? பகுதி முழுதும் 'முடியும்' என்றால், பெரும்பாலும் ஒருவரோடு ஒட்டிய நோக்குநிலை. 'முடியாது' என்ற வரி வந்தால் கதைசொல்லிக்குக் கூடுதலாகத் தெரிகிறது. வகையின் பெயரோடு நிறுத்தாதீங்க. அந்த வரி புதிரைத் தந்ததா, பதைப்பைத் தந்ததா என்பதையும் எழுதுங்க.