சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்

ஆண்டிதழுக்குக் கட்டுரை திரட்டும் காலம் வந்துவிட்டது. இடைநிலைப் பள்ளி ஆண்டிதழில் தமிழுக்குக் கிடைப்பதே நாலைந்து பக்கம்தான். அந்த நாலைந்து பக்கத்தில் வரும் கட்டுரைகளை நாம் எப்படித் திருத்துகிறோம் என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

ஒரு பள்ளியின் படிவம் 4 மாணவி தன் தாத்தாவைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று, திருத்துவதற்கு முன்பும் பின்பும் இருந்த வடிவங்களில், என் பார்வைக்கு வந்தது. தாத்தா பால்மரத் தொழிலாளி. கட்டுரை ஒன்றரைப் பக்கம். திருத்திய படியில் 37 சிவப்புக் குறிகள் இருந்தன. திருத்தியவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 37 குறிகளுக்குப் பிறகும் கட்டுரை தேறவில்லை. சொல்லப் போனால் இரண்டு இடத்தில் முன்பைவிட மோசமாகிவிட்டது.

என்ன நடந்தது என்று பார்ப்போம். 37 குறிகளில் 29, எழுத்துப் பிழையும் ஒற்றுப் பிழையும். மாணவி "பத்து மணிக்கு பால்மரம் வெட்ட போவாறு" என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் "மணிக்குப் பால்மரம் வெட்டப் போவார்" என்று ஆக்கியிருக்கிறார். இலக்கணப்படி சரிதான். மீதி 8 குறிகள் சொல் மாற்றங்கள். "லயம்" என்பது "வரிசை வீடு" ஆனது. "பெரட்டு" என்பது "வருகைப் பதிவு" ஆனது. மாணவியிடம் கேட்டதாக ஒரு கேள்விகூட ஓரத்தில் இல்லை.

கோளாறு அங்கேதான். அந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். பத்து மணிக்கு யாராவது பால்மரம் வெட்டப் போவார்களா? விடிவதற்கு முன்பே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும், வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். பத்து மணிவாக்கில் அவர் பால் எடுக்கப் போயிருக்கலாம். அல்லது மாணவி நேரத்தைத் தவறாகக் கேட்டிருக்கலாம். எது சரி என்று அகராதி சொல்லாது, நன்னூலும் சொல்லாது. மாணவியைக் கேட்க வேண்டும், அவள் தன் பாட்டியைக் கேட்க வேண்டும். ஒற்று போட்டதால் வாக்கியம் இலக்கண சுத்தமாகிவிட்டது, தகவல் தப்பாகவே நிற்கிறது.

ஒரு படைப்பைத் தொடுவதற்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்: இந்தக் குறைக்கு விடை யாரிடம் இருக்கிறது? அகராதியிலோ இலக்கண நூலிலோ ஒரே விடைதான் உண்டு என்றால் அது மெய்ப்புத் திருத்தம். "போவாறு" என்பதில் வரவேண்டியது "ர"தான், இதில் விவாதத்துக்கு இடமில்லை. விடை நம்மிடமே, அதாவது இதழின் நடைமுறையில், இருந்தால் அது மொழிச் செம்மை. எண்ணை எழுத்தில் எழுதுவதா இலக்கத்திலா, "தாத்தா வந்தார்" என்று தொடங்கியதை நடுவில் "வந்தாரு" ஆக்கலாமா, நீண்டு போன வாக்கியத்தை எங்கே வெட்டலாம், இதெல்லாம் நாம் முடிவு செய்து கட்டுரை முழுக்க ஒரே மாதிரி வைக்க வேண்டியவை. விடை எழுதியவரிடம் மட்டுமே இருந்தால் அது உள்ளடக்கச் செம்மை. அங்கே சிவப்புப் பேனா உதவாது, கேள்விதான் உதவும்.

இந்தப் பிரிவு எப்போதும் கோடு போட்டதுபோல் இருக்காது. ஒற்றையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஒற்று என்றால் மெய்ப்புத் திருத்தம் என்றுதானே நினைப்போம்? மாணவி "தாத்தா தந்த பெட்டி" என்று எழுதியிருந்தாள். கை வேகத்தில் அங்கேயும் ஒரு "ப்" விழுந்து "தந்தப் பெட்டி" ஆகிவிட்டது. லயத்து வீட்டில் யானைத் தந்தத்தில் செய்த பெட்டி! பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பொருளைப் படிக்காமல் எழுத்தை மட்டும் படித்தால் தெரிந்ததும் கைவிட்டுப் போகும்.

"லயம்", "பெரட்டு" இரண்டும் வேறு கதை. இவை பிழையே இல்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் சொற்கள். "வருகைப் பதிவு" என்றால் நமக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வரும், விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பது நினைவுக்கு வராது. இன்றைய மாணவர்களுக்குப் புரியாதே என்று கவலைப்பட்டால், ஒரு சிறு விளக்கம் சேர்க்கச் சொல்லி மாணவியிடம் கேட்கலாம். சொல்லையே பிடுங்கிவிடுவது மொழிச் செம்மையின் எல்லையைத் தாண்டிய வேலை.

இனிக் கட்டுரையின் அமைப்பு. முதல் பத்தி முழுவதும் மூத்தோரை மதிக்க வேண்டும் என்ற பொது உபதேசம். இரண்டாம் பத்தியில் தாத்தா 1950இல் பிறந்தார் என்று வருகிறது. மூன்றாம் பத்தியில் அவர் சுதந்திரத்துக்கு முன்பே பால்மரம் வெட்டினார் என்று வருகிறது. சுதந்திரம் 1957இல். அப்போது அவருக்கு ஏழு வயது! தோட்டத்துப் பிள்ளைகள் பெற்றோருக்கு உதவியாகப் போவது உண்டு, ஆகவே முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மறுபடி கேள்விதான். நான்காம் பத்தி திடீரென்று இக்கால இளையோரின் கைப்பேசி மோகத்துக்குத் தாவுகிறது. கடைசி வரியில்தான், போகிற போக்கில், அந்தப் பெட்டியில் இருந்தது தாத்தாவின் பால்வெட்டுக் கத்தி என்றும், அவர் இருந்தவரை அதை வீட்டில் யாரையும் தொடவிடவில்லை என்றும் மாணவி எழுதியிருக்கிறாள்.

கட்டுரையே அங்கேதான் இருக்கிறது. ஏன் தொடவிடவில்லை? பிறகு ஏன் பேத்தியிடம் தந்தார்? அந்த வரியில் ஒரு கமா சேர்த்ததோடு திருத்தியவர் நகர்ந்துவிட்டார்.

ஆகவே வேலை வரிசை பெரியதிலிருந்து சிறியதற்கு. முதல் வாசிப்பில் கையில் பேனா வேண்டாம். படித்து முடித்ததும் இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றாலோ, எழுதிய வாக்கியம் கட்டுரையின் கடைசி மூலையிலிருந்து வந்தாலோ, எழுத்துப் பிழை எத்தனை இருந்தாலும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் பத்தியில் இருந்த ஒன்பது ஒற்றுப் பிழைகளைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தப் பத்தியே தேவையில்லை. மாணவிக்கு நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தால் போதும்: பத்து மணிக்கு என்ன வேலை, ஏழு வயதில் என்ன வேலை, கத்தியை ஏன் தொடவிடவில்லை, உனக்கு ஏன் கொடுத்தார். கைப்பேசிப் பத்தியை என்ன செய்வது என்பது இந்தப் பதில்கள் வந்தால் அவளுக்கே தெரிந்துவிடும்.

"நாளைக்கே அச்சகத்துக்குப் போகணும், இதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நேரம் இல்லையென்றால் மெய்ப்பு மட்டும் பார்த்து, தகவல் பிழைகளை மட்டும் மாணவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மற்றதை அவள் எழுதியபடியே விட்டுவிடுங்கள். அரைகுறையாகப் பத்திகளை இடம் மாற்றி, நம் சொற்களை நடுவே செருகினால், அது மாணவி எழுதியதாகவும் இருக்காது, நாம் எழுதியதாகவும் இருக்காது. பெயர் மட்டும் அவளுடையதாக இருக்கும். பிழையோடு வந்த கட்டுரையைவிட அது மாணவியை அதிகம் வருத்தும்.

அச்சகத்திலிருந்து பக்கம் கட்டி வந்துவிட்டால் கதையே வேறு. அப்போது மெய்ப்பைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. ஒரு பத்தியை எடுத்தால் அடுத்த பக்கம் நகரும், படம் இடம் மாறும். அந்தக் கட்டத்தில் நாம் கொடுத்த படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள். குறிப்பாக எழுத்துரு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது தட்டுப்படாது.