ஆறாயிரப்படி எது? – மேற்கோள் நூற்பட்டியல் ஒன்றின் பரிசோதனை



பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களில் ப்ரமாண வாக்யங்கள் பெரும்பாலும் நூற்பெயரின்றியே எடுக்கப்படுகின்றன. ஒரு ச்லோகத்தின் முதற்சொற்களை எடுத்தால் போதும். அது எந்த இதிஹாஸத்தில், எந்தக் காண்டத்தில் உள்ளது என்பதைக் கேட்டிருந்த கோஷ்டி அறிந்திருந்தது. ஆனால் ஒரு பாசுரத்துக்கு ஓர் ஆசார்யர் தனியாகச் சொன்ன நிர்வாஹம் வரும் இடத்தில் அதே வ்யாக்யானங்கள் மிகுந்த எச்சரிக்கையோடு, அது பட்டர் அருளிச்செய்தது, இது நஞ்சீயர் அருளிச்செய்தது என்று பெயரைச் சொல்லியே மேற்செல்கின்றன. எல்லோர்க்கும் பொதுவானதற்குப் பெயர் வேண்டியதில்லை. ஒருவர்க்கே உரியதற்குப் பெயர் வேண்டும் என்பது அங்கே நிலைத்த முறை. இக்காலத்துக் கட்டுரைகளில் இம்முறை தலைகீழாகிவிடுவது உண்டு.

அண்மையில் ஒரு வித்வத்ஸதஸ்ஸுக்கு முன்னதாக, பங்கேற்போர் படித்துத் திருத்தம் சொல்வதற்காகக் கட்டுரை ஒன்று அனுப்பப்பட்டிருந்தது. இருவர் சேர்ந்து எழுதியது. திருவாய்மொழி வ்யாக்யானங்கள் தோன்றிய வரலாறு அதன் பொருள். உழைப்பும் பக்தியும் அதில் குறைவின்றித் தெரிகின்றன. ஆயினும் இறுதியிலுள்ள மேற்கோள் நூற்பட்டியலில் சில பதிவுகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. சிலவற்றுக்கு ஆண்டு இல்லை. இரண்டும் இல்லாதனவும் உண்டு. இக்குறைகள் பட்டியலோடு நிற்கவில்லை என்பதையும், கட்டுரையின் முடிவு ஒன்றையே அவை அசைத்துவிட்டன என்பதையும் எடுத்துக்காட்டுவதே இங்குச் செய்யப்படுவது.

முதலில் ஆசிரியர் பெயரில்லாப் பதிவு. பட்டியலில் 'ஆறாயிரப்படி, சென்னை' என்று மட்டும் உள்ளது. படி என்பது எண்ணுமுறைப் பெயர். 32 எழுத்துகள் கொண்ட அளவு ஒரு க்ரந்தம், அவ்வளவில் ஆறாயிரம் கொண்டது ஆறாயிரப்படி. எனவே அது ஒரு நூலின் அளவைச் சொல்லுமேயன்றி இன்ன நூல் என்று காட்டாது. திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு அருளிய வ்யாக்யானம் ஆறாயிரப்படி. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் திருப்பாவைக்கு அருளியதும் ஆறாயிரப்படி. பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய குருபரம்பரா ப்ரபாவமும் ஆறாயிரப்படி. மூவாயிரப்படி என்றாலும் இதே நிலைதான்: பெரியவாச்சான் பிள்ளையின் திருப்பாவை வ்யாக்யானமும் அப்பெயர் பெறும்; மூன்றாம் ப்ரஹ்மதந்த்ர ஸ்வதந்த்ர ஜீயரின் குருபரம்பரா ப்ரபாவமும் அப்பெயர் பெறும்.

கட்டுரையாளர் இருவரும் பிள்ளான் வ்யாக்யானத்தையே கருதினர் என்பது கட்டுரை முழுவதும் திருவாய்மொழியைப் பற்றியிருப்பதால் எளிதில் ஊகிக்கப்படும். ஆனால் ஊகத்தோடு நிற்கலாகாது. அப்பதிவு கட்டுரையில் எங்கெங்கே சுட்டப்படுகிறது என்று ஒவ்வோரிடமாகப் பார்த்து, அங்கே எடுத்தாளப்பட்ட செய்தி எந்த நூலில் இருக்கத்தக்கது என்று ஆராய வேண்டும். இக்கட்டுரையில் அச்சுட்டு மூன்றிடங்களில் வருகிறது. முதல் இரண்டிடங்களில் பாசுரப் பொருள் பேசப்படுகிறது, அவை பிள்ளானுடையவையே. மூன்றாவது இடத்தில், திருவாய்மொழிக்கு வ்யாக்யானம் இடும்படி எம்பெருமானார் பிள்ளானை நியமித்தருளிய வரலாறு சொல்லப்பட்டு, அதற்கும் 'ஆறாயிரப்படி' என்றே சுட்டு உள்ளது.

பிள்ளானுடைய வ்யாக்யானம் பாசுரந்தோறும் சுருங்கிய நடையில் பொருள் சொல்லிச் செல்வது. தம் சரித்திரத்தை அவர் அதில் விவரிப்பதில்லை. நியமன வரலாறு குருபரம்பரை நூல்களுக்கு உரியது. ஆகவே மூன்றாவது சுட்டு பின்பழகிய பெருமாள் ஜீயரின் நூலையே குறிக்க வேண்டும். சுட்டிய பக்கத்தைப் பார்த்தால் இது உறுதிப்படும்: வ்யாக்யானப் பதிப்பாயின் பக்கத் தலைப்பில் பத்து, திருவாய்மொழி எண்கள் நிற்கும், குருபரம்பரையாயின் ஆசார்யர் திருநாமம் நிற்கும். அவ்வாறு தலைப்பிடாத பதிப்பிலும், பக்கத்தில் மூலப் பாசுரம் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பது போதும்.

இதனால் வந்த கேடு யாது? கட்டுரை இவ்விடத்தில், 'நியமனத்தைப் பெற்றவரே தம் நூலில் இதைப் பதிவு செய்திருப்பதால் இது ஸமகாலச் சான்று' என்ற முடிவை நிறுவுகிறது. பின்பழகிய பெருமாள் ஜீயர் நம்பிள்ளையின் சிஷ்யர். எம்பெருமானாருக்கும் நம்பிள்ளைக்கும் இடையே எம்பார், பட்டர், நஞ்சீயர் என்று ஆசார்ய பரம்பரை நிற்கிறது. ஆகவே அது ஸமகாலச் சான்றன்று. ஸம்ப்ரதாயத்தில் வழிவழி வந்து ஒரு நூலில் அமர்ந்த ஐதிஹ்யம். ஐதிஹ்யத்துக்குத் தாழ்வு ஒன்றுமில்லை; ஆனால் அதை ஐதிஹ்யமாகவே சொல்ல வேண்டும். பிள்ளான் வாயில் அவர் சொல்லாத வார்த்தையை வைப்பது ஆராய்ச்சிக்கும் பொருந்தாது. ஆசார்யர் திறத்தில் கொள்ள வேண்டிய மர்யாதைக்கும் பொருந்தாது. பட்டியலில் ஆசிரியர் பெயர் எழுத முற்பட்டிருந்தால், ஒரே பதிவு இரண்டாகப் பிரிய வேண்டும் என்பது அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

ஆசிரியர் பெயர் விடுபட்ட மற்றொரு பதிவு 'ஈடு' என்பது. இங்கே குறையின் தன்மை வேறு. நம்பிள்ளை காலக்ஷேபமாக அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. யாரை ஆசிரியராக எழுதுவது என்று தயங்கியே விட்டிருக்கலாம். அத்தயக்கம் நியாயமானதே. இத்தகைய இடத்தில் நூற்பெயரை முதலில் வைத்து, அருளிச்செய்தவர் இன்னார், ஏடுபடுத்தினவர் இன்னார், பதிப்பித்தவர் இன்னார் என்று மூன்றையும் எழுதிவிடுவதே தக்கது. நூலகங்களிலும் இந்நூல் ஓரிடத்தில் ஒருவர் பெயரிலும் வேறிடத்தில் மற்றவர் பெயரிலும் இருக்கக்கூடும்; நூற்பெயரைக் கொண்டு தேடுவதே பிழையாது.

ஆனால் அப்பதிவில் வெளியிட்டவராகச் சென்னைப் பல்கலைக்கழகம் குறிக்கப்பட்டுள்ளது. அது பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்து பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ஈட்டின் தமிழாக்கம். கட்டுரையில் ஈட்டின் வாக்யமாகக் காட்டப்பட்டவை மணிப்ரவாளமாக இல்லாமல் தனித்தமிழ் நடையில் இருப்பதே இதற்குச் சான்று. தமிழாக்கத்தைப் பயன்படுத்துவது தவறன்று. நம்பிள்ளையின் சொல்லாட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு, அதற்குத் தமிழாக்கத்தின் சொல்லை ஆதாரமாகக் காட்டுவது தவறு.

இனி ஆண்டைப் பற்றியது. ரஹஸ்ய க்ரந்தம் ஒன்றன் சிறு பதிப்பைக் கட்டுரை 1974 ஆம் ஆண்டினது என்கிறது. அதற்கு முன் 1930களில் வந்த வேறொரு பதிப்பில் காணப்படும் ஒரு வாக்யம் இதில் இல்லாமையால், பின்னைப் பதிப்பாசிரியர் கருத்து வேறுபாட்டால் அதை நீக்கிவிட்டார் என்று கட்டுரை குற்றம் சாட்டுகிறது. நூலின் முகப்பில் உள்ளது 'ஆனந்த வருஷம் தை மாதம்' என்பது மட்டுமே. ஆனந்த, அறுபது ஆண்டுச் சுழற்சியில் 48 ஆவது. 1974–75 ஆனந்த, 1914–15 ஆனந்த, 1854–55 உம் ஆனந்த. முகப்பு எதையும் தீர்மானிக்கவில்லை. கட்டுரையாளர்கள் தமக்கு அண்மையதைக் கொண்டுவிட்டனர்.

தீர்மானிப்பது அதே நூலின் பின்னட்டை. அங்கே விலை ஒரு ரூபாய் எட்டணா என்று அச்சிடப்பட்டுள்ளது. 1957 ஏப்ரல் முதல் நாணயம் நயாபைசாக் கணக்குக்கு மாறியது. 1974 இல் அணாவில் விலையிட வழியில்லை. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இல்லாமையும் இதற்கு ஒத்துநிற்கிறது. அக்குறியீடு 1972 இல் வந்தது. 1854–55 ஐ விலக்குவதும் அந்நூலிலேயே உள்ளது: பதிப்பாசிரியர் முன்னுரையில் இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த ஒரு பதிப்பைக் குறிப்பிடுகிறார். ஆகவே அது 1914–15. மேலும் தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், ஆனந்த வருஷத்துத் தை 1914 இல் விழாது. 1915 ஜனவரி, பிப்ரவரியில் விழும். பதிவில் 1915 என்றே இருக்க வேண்டும்.

அவ்வாறாயின் வாதம் திரும்பிவிடுகிறது. வாக்யம் இல்லாத பதிப்பு முந்தையது. உள்ள பதிப்பு பிந்தையது. முந்தையவர் பிற்காலப் பதிப்பிலிருந்து எதையும் நீக்கியிருக்க முடியாது. பிந்தையவர் வேறொரு ஓலைச்சுவடியைக் கண்டு சேர்த்தாரா, அரும்பதவுரை மூலத்தோடு கலந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. காலஞ்சென்ற ஒரு பதிப்பாசிரியர்மேல் சுமத்தப்பட்ட பழி, ஒரு விலைக்குறிப்பைப் பார்த்தவுடன் நீங்குகிறது.

எல்லா நூலுக்கும் இத்தகைய சான்று கிடைக்கும் என்பதில்லை. பழைய நூல்கள் பலவற்றை ஒன்றாகக் கட்டடம் செய்தபோது அட்டைகள் நீங்கியிருக்கும். தெலுங்கு லிபியிலோ க்ரந்தாக்ஷரத்திலோ அச்சானவற்றின் முகப்பைப் படிக்க இயலாதவர் முதுகிலுள்ள பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருப்பர். வேறொரு நூலகத்துப் பிரதியைப் பார்த்தும் ஆண்டு தெரியவில்லையெனில், ஆண்டு இல்லை என்பதைக் குறிக்க 'ஆ.இ.' என்று எழுத வேண்டும். நூலில் இல்லாததை வேறு சான்றால் அறிந்தால் பகர அடைப்புக்குறிக்குள் [1915] என்று இட வேண்டும். அச்சானதும் ஊகித்ததும் வேறு என்பது படிப்பவர்க்குத் தெரிய வேண்டும். 'ஆ.இ.' உள்ள பதிவுகள் ஒரே பெயரில் இரண்டிருந்தால் அ, ஆ என்று பிரிக்க வேண்டும். வெற்றிடம் விடுவது மட்டும் கூடாது. தேடிக் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்பதை வெற்றிடம் சொல்லாது.

இறுதியாக, இருவர் எழுதியதால் நேர்ந்த பிழை ஒன்று. கட்டுரையில் பலவிடங்களில் 'மேற்படி நூல்' என்ற சுட்டு உள்ளது. ஒருவர் எழுதிய பகுதியின் நடுவே மற்றவர் பின்னர் ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறார். அதில் வேறொரு நூல் சுட்டப்பட்டது. அதனால் அடுத்து வரும் 'மேற்படி' முன்பு குறித்த ஆசார்ய ஹ்ருதயத்தை விட்டு, இடையில் புகுந்த நூலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. நூற்பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தாலும் இப்பிழை பட்டியலைப் பார்த்துத் தெரியாது. கட்டுரை முடிவான வடிவம் பெற்றபின், ஒருவர் சுட்டுகளை உரக்கப் படிக்க மற்றவர் பட்டியலில் குறியிட்டுவர வேண்டும். இருவர் எழுதும் கட்டுரையில் கடைசித் திருத்தம் வரை 'மேற்படி' என்பதைத் தவிர்த்து, நூற்பெயரின் சுருக்கத்தையே எழுதுவது இன்னும் நல்லது.

கட்டுரையின் மற்றப் பகுதிகள் இத்திருத்தங்களால் கெடுவதில்லை. பிள்ளானின் நடையைப் பற்றி முதல் இரண்டிடங்களில் சொல்லப்பட்டவை ஆதாரத்தோடு நிற்கின்றன. ஸமகாலச் சான்று என்ற முடிவையும் பதிப்பாசிரியர்மேலான குற்றச்சாட்டையும் நீக்கி, 'ஆறாயிரப்படி' என்ற ஒரு பதிவை இரண்டாக்கி, நியமன வரலாற்றைப் பின்பழகிய பெருமாள் ஜீயர் திருநாமத்தோடு எழுதினால், அது ஸதஸ்ஸில் வாசிக்கத்தக்கதாகும்.