விரலை எண்ணிப் பயனில்லை

பேரிடர் நடந்த இடத்தில் ஒரு தலைவர் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால், சிவப்பு முத்திரை குத்திய இன்னொரு படமும் அதைத் துரத்திக்கொண்டே வருவது வழக்கமாகிவிட்டது. கை விரலைச் சுற்றி ஒரு வட்டம், கடைப் பலகையில் குழம்பிய எழுத்தைச் சுற்றி இன்னொரு வட்டம், அடியில் ‘97 சதவீதம் ஏஐ’ என்று ஏதோ ஒரு கருவியின் தீர்ப்பு. ஓசூர் சிப்காட் ஷிப்ட் குழுக்களிலும் கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரிகளின் குழுக்களிலும் இதற்குத்தான் ‘உண்மை கண்டறிதல்’ என்று பெயர். இந்த முறையோடு எனக்கு நெடுநாளாக உடன்பாடில்லை.

இது பலித்த நேரங்களும் உண்டு. 2023 பிப்ரவரி துருக்கி நிலநடுக்கத்தின்போது, குழந்தையை அணைத்து நின்ற தீயணைப்பு வீரரின் படத்தைக் காட்டிக்கொடுத்தது அவருடைய ஆறாவது விரல். 2024 அக்டோபரில், ஹெலீன் புயல் வெள்ளத்தில் டிரம்ப் இறங்கி நடப்பதாக வந்த படத்திலும் கை சரியாக அமையவில்லை. செலவில்லாத சோதனை, யாரும் செய்து பார்க்கலாம். அதன் சிறப்பு அத்துடன் முடிந்தது.

கோளாறு தெரிந்தால் படம் பொய் என்று சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல முடியாது. படம் செய்யும் கருவிகள் விரலைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்ட பிறகு, விரலை எண்ணிப் பழகியவர் ஐந்து விரலைப் பார்த்ததும் படத்தை நம்பிவிடுகிறார். சோதிக்கவே தெரியாதவரைவிட இவர் உறுதியாக ஏமாறுகிறார்.

சதவீதம் சொல்லும் கருவிகள் இதற்கு மருந்தல்ல. புள்ளிகளுக்கிடையே உள்ள நுண்ணிய தடயங்களை வைத்துத்தான் அவை கணிக்கின்றன. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போதும், ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும்போதும் அந்தத் தடயங்கள் மங்கிவிடும். அது ஒருபுறம் இருக்கட்டும், பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் கருவி ஒன்று கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆயிரம் படங்களில் 50 மட்டுமே செயற்கை என்றால், அதில் 45ஐக் கருவி பிடிக்கும். மீதி 950 உண்மைப் படங்களில் 95ஐயும் செயற்கை என்று சொல்லும். ஆக, முத்திரை விழுந்த 140 படங்களில் 95 உண்மையானவை. முத்திரை குத்துகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

இவையெல்லாம் சிறிய குறைகள். கேட்கவேண்டிய கேள்வியையே கேட்காமல் விடுவதுதான் பெரிய குறை. படம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி இல்லாமல் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2015லேயே பார்த்துவிட்டது. அந்த டிசம்பர் 3ஆம் தேதி, சென்னை வெள்ளத்தைப் பிரதமர் மோடி வானிலிருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமான பிஐபி வெளியிட்ட படம் ஒன்றில், ஜன்னலுக்கு வெளியே மூழ்கிய வீடுகள் துல்லியமாகத் தெரிந்தன. மோடி உண்மை, பயணம் உண்மை, வெள்ளமும் உண்மை. விரல்களில் பிழை இல்லை, வெளியிட்டதோ அரசு நிறுவனம். ஆனால் ஜன்னலுக்குள் இருந்த காட்சி வேறொரு படத்திலிருந்து ஒட்டப்பட்டது.

எப்படி வெளிப்பட்டது? பார்வையிட்டபோது எடுத்த படங்களில் ஒன்றை பிஐபியே முன்னர் வெளியிட்டிருந்தது. அதில் அதே மோடி, அதே ஜன்னல், வெளியே மங்கலான காட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சாதாரண ட்விட்டர் பயனர்கள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். படத்தை நீக்கிய பிஐபி, இரண்டு படங்களை இணைத்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ‘இது செயற்கையா, உண்மையா’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தப் படம் தப்பித்திருக்கும். அதே நேரத்தில் எடுத்த இன்னொரு படம் எங்கே என்று தேடியதால் மாட்டிக்கொண்டது. அதே பிஐபி 2019ல் உண்மை சரிபார்ப்புப் பிரிவு தொடங்கி, மற்றவர்களின் படங்களுக்கு முத்திரை குத்துவது தனிக் கதை.

தலைவர் படத்தைச் சோதிப்பது மற்ற படங்களைச் சோதிப்பதைவிட எளிது என்பதையும் இந்த முத்திரைக்காரர்கள் கவனிப்பதில்லை. தலைவர் தனியாக எங்கும் போவதில்லை. கலெக்டர், எஸ்பி, கட்சிக்காரர்கள், டிவி கேமராக்கள், ஊர்க்காரர்கள் கையில் நூறு போன்கள். அவர் வந்த இடத்தில் ஒரே ஒரு படம் மட்டும் மிஞ்சுவது நடவாத காரியம்.

ஊத்தங்கரையை எடுத்துக்கொள்வோம். ஃபெஞ்சல் புயலின் மிச்சமாக 2024 டிசம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துச் செல்லும் வீடியோக்கள் நாடு முழுக்கப் போயின. அந்தச் சாலையில் ஒரு தலைவர் மார்பளவு நீரில் குழந்தையைத் தூக்கி நிற்கும் படம் நாளை வந்தால் என்ன செய்யவேண்டும்? முதலில் நேரம். வாகனங்கள் மிதந்த நேரம் வீடியோக்களில் பதிவாகியிருக்கிறது. தலைவர் மாவட்டத்துக்குள் வந்த நேரம் செய்திக் குறிப்பில் இருக்கும். தலைவர்கள் பெரும்பாலும் வெள்ளம் வடிந்த பிறகுதான் வருவார்கள். அதனால் நீர்மட்டமே ஒரு கடிகாரம். அடுத்து இடம். பின்னால் தெரியும் கட்டடத்தை அந்த வீடியோக்களோடு ஒப்பிடலாம், அந்த ஊர்க் கடைக்காரரைப் போனில் கேட்கலாம். கடைசியாக மற்ற கேமராக்கள். இன்னொரு கோணத்தில் ஒரு படம்கூடக் கிடைக்காவிட்டால் விரல் ஐந்தாக இருந்தாலும் நம்பவேண்டியதில்லை.

எல்லைப் பகுதியில் இந்தச் சோதனை இன்னும் கட்டாயம். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீ எரிந்தது கர்நாடகத்தில், இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். அங்கே வந்த தலைவர்களின் படங்களுக்கான சாட்சி கன்னடச் செய்திகளிலும் இருக்கும். ஓசூர்க்காரர்களில் கன்னடமும் தெலுங்கும் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சென்னையிலிருந்து விரலை எண்ணுகிறவரைவிட இவர்கள் எளிதாக உண்மையைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் ‘கருவியில் போட்டுப் பாருங்கள்’ என்றுதான் இவர்களுக்குச் சொல்லப்படுகிறது.

இந்த முத்திரைப் பழக்கத்தால் உண்மைப் படத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் கமலா ஹாரிஸுக்குக் கூடிய கூட்டத்தை ஏஐ படம் என்றார் டிரம்ப். கூட்டம் உண்மை என்று தெளிவாகக் காட்டியவை அங்கிருந்த பல கேமராக்கள். வெள்ளத்தில் வராத தலைவரை வந்ததாகக் காட்டுவது ஒரு மோசடி என்றால், வந்தவரை வரவில்லை என்று சொல்ல ஒரு மென்பொருள் கணிப்பைக் கையில் கொடுப்பதும் அதற்குக் குறைந்ததில்லை.

ஆகவே சரிபார்ப்பவர்களிடம் கேட்பது இதுதான். படத்தின் முதல் பதிவு எது, எந்த நேரம், அதே காட்சியின் வேறு படம் எது என்ற மூன்றையும் முத்திரைக்குக் கீழே எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் ‘உறுதியாகவில்லை’ என்று போடுங்கள். அதுகூட இல்லாமல் வட்டமும் சதவீதமும் மட்டும் போட்டு அனுப்புவது சரிபார்ப்பாகாது, அதுவும் இன்னொரு ஃபார்வேர்டுதான்.